சமத்தில் மூடும் முக்கோணம்

ஆடி பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் அம்மன் கோயில் வாசல்தோறும் சீரியல் செட் ஏறிவிடும். வட்டத்துக்குள் வட்டம் சுழலும், கட்டங்கள் மேலிருந்து கீழே வழியும், நடுவில் அம்மன் உருவம் விட்டுவிட்டு ஒளிரும். பழைய செட்டுகளில் மோட்டாரால் சுழலும் உருளையில் செப்புப் பட்டைகள் ஒட்டியிருக்கும். உருளை சுற்றச்சுற்ற ஒவ்வொரு பல்ப் வரிசைக்கும் மின்சாரம் முறைவைத்துப் போகும். இன்று அந்த வேலையை ஒரு சின்ன சிப் செய்கிறது. பக்கத்திலேயே ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருக்கும். விளக்குக்கும் பாட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுசேர்ந்து போவதுபோலத் தோன்றும். ஒரே சீரில் இயங்கும் எந்த இரண்டையும் இணைத்துப் பார்த்துவிடுவது கண்ணின் இயல்பு. இசைக்கு வடிவியல் அசைவூட்டம் செய்கிறவரை முதலில் ஏமாற்றுவது இந்தத் தற்செயல் பொருத்தம்தான்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்று ஒன்றும் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. சுவர் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் ஓடும் படங்களில் சில, மைக்கில் வரும் ஒலியைக் கணினி வாங்கி அலசி, சத்தம் ஏறினால் பெரிதாகி, இறங்கினால் சிறிதாகும் வகை. இது பாட்டைக் கேட்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஒலியின் அளவு ஒன்றை மட்டுமே கேட்கிறது. சினிமாக் குத்துப்பாட்டுக்கு இது ஓரளவு ஒத்துவரும். கர்நாடகக் கச்சேரிக்கு வைத்துப் பாருங்கள்: தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கணக்கு மேல் கணக்காக அடுக்கிக்கொண்டிருப்பார், திரையில் ஒரு வட்டம் துடித்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

காரணம் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. உலாவியில் ஒலியை அலசப் பலரும் பயன்படுத்துவது AnalyserNode என்ற கருவி. அது ஒரு நேரத்தில் 2048 மாதிரிகளை எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 44,100 மாதிரி என்றால் சுமார் 46 மில்லி விநாடி ஒலி. அதற்குமேல் smoothingTimeConstant என்று ஒரு மென்மையாக்கும் எண், நாம் மாற்றாதவரை 0.8 என்று இருக்கும். அதாவது ஒவ்வொரு முறையும் பழைய மதிப்பில் 80 சதவீதத்தை அது விடாமல் வைத்துக்கொள்கிறது. மிருதங்கத்தில் வேகமான பரன்களில் ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே 50 மில்லி விநாடிதான் இருக்கும். நொடிக்கு 60 முறை புதுப்பித்தாலும், அடுத்த அடி விழும்போது முந்தைய அடியின் பாதி இன்னும் திரையில் இருக்கிறது. தனித்தனி சொற்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. எண்ணைக் குறைத்து இதைச் சரிசெய்யலாம். அப்போது படம் நடுங்க ஆரம்பிக்கும்.

ஆனால் உண்மையான குறை அதுவல்ல. இந்தக் கருவிக்கு நடந்து முடிந்தது மட்டுமே தெரியும். தாளம் போட்டுக்கொண்டு கேட்கிற ரசிகர் அப்படிக் கேட்பதில்லை. கோர்வை எங்கே போய் விழப்போகிறது என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார், விழுந்ததும் தலையாட்டுகிறார். அந்த எதிர்பார்ப்பைத் திரையில் கொண்டுவர வேண்டுமென்றால், இசை எங்கே முடியும் என்பது படம் செய்கிறவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கலையின் முன்னோடிகள் அப்படித்தான் வேலை செய்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஹாலிவுட் வந்த ஆஸ்கர் பிஷிங்கர், 1938இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக லிஸ்டின் இரண்டாம் ஹங்கேரியன் ராப்சொடிக்கு 'ஆன் ஆப்டிகல் போயம்' என்ற ஏழு நிமிடப் படத்தைச் செய்தார். காகிதத்தில் வெட்டிய வட்டங்களையும் சதுரங்களையும் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளில் தொங்கவிட்டு, பிரேம் பிரேமாக நகர்த்திப் படமெடுத்தார். அப்படி எடுக்கும்போது எந்த சுரம் எந்தப் பிரேமில் வருகிறது என்பது முதலிலேயே கணக்காகக் கையில் இருந்தாக வேண்டும். கனடாவின் நார்மன் மெக்லாரன் 1971இல் செய்த 'சிங்க்ரமி' இன்னும் ஒரு படி மேலே போனது. கோடுகள் அச்சிட்ட அட்டைகளைப் படச்சுருளின் ஒலித்தடத்தில் படம்பிடித்து அதிலிருந்தே இசையை உருவாக்கினார். அதே கோடுகளுக்கு வண்ணம் கொடுத்துத் திரையிலும் காட்டினார். சுருதி ஏற ஏறக் கோடுகள் நெருங்கும். நாம் பார்ப்பதும் கேட்பதும் ஒன்றேதான். ஆனாலும் பத்திகள் எப்போது இரண்டாகின்றன, எப்போது இடம் மாறுகின்றன, எப்போது நிறம் மாறுகின்றன என்ற அமைப்புதான் அந்தப் படத்தை மறுபடி பார்க்கவைக்கிறது. ஒலியை அப்படியே காட்டியதால் மட்டும் அந்தப் படம் நிற்கவில்லை.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய பெரிய முயற்சி ஓவியர் அக்பர் பதம்சியினுடையது. நேரு பெல்லோஷிப் பணத்தில் பம்பாயில் ஒரு பட்டறை நடத்தி, அசைவூட்டக் கலைஞர் ராம் மோகனின் உதவியோடு 1970 வாக்கில் 'சிசிஜி' என்ற படத்தைச் செய்தார். கோடுகளும் புள்ளிகளும் எண்களின் விதிப்படி வளர்ந்து பிரியும் கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஒலியே கிடையாது. எண்ணே போதும், தாளம் தானாகப் பிறக்கும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். நம் பக்கத்தில் எண்ணும் ஒலியும் ஏற்கெனவே ஒட்டியே இருக்கின்றன: லய சாஸ்திரத்தில்.

யதி என்பது அதில் ஒரு பிரிவு. சொற்கட்டுகளின் நீளம் எப்படி மாறிக்கொண்டு போகிறது என்பதை அது வகைப்படுத்துகிறது. நீளத்தில் தொடங்கிக் குறைந்துகொண்டே போனால் கோபுச்சம், குறுகித் தொடங்கி விரிந்தால் ஸ்ரோதோவஹம், நடுப் பருத்தால் மிருதங்க யதி, நடு ஒடுங்கினால் டமரு யதி, எல்லாம் ஒரே நீளமென்றால் சமம், ஒழுங்கில்லையென்றால் விஷமம். சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்பது இதில் எங்குமே வராது. கணக்கு மட்டும்தான். கோபுச்சத்தை மெதுவாக ஆரம்பித்துப் பலமாக முடிக்கலாம். சத்தத்தை அளக்கும் கருவி அதை வளர்ச்சியாகவே காட்டும், காது அதைக் குறுகலாகவே கேட்கும்.

ஒரு கோர்வையை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். ஆதி தாளம், சதுஸ்ர நடை: ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, மொத்தம் 32. நம் கோர்வை இரண்டு ஆவர்த்தனம், 64 மாத்திரை. முதல் பகுதி கோபுச்சம்: தகதிமி தகிட என்று ஏழு, தகதிமி தக என்று ஆறு, தக தகிட என்று ஐந்து, தகதிமி நான்கு, தகிட மூன்று. கூட்டினால் 25. இரண்டாம் பகுதி, தகதிமி தகஜணு ததிங்கிணதொம் என்ற 13 மாத்திரைச் சொல் மூன்று தடவை; அது 39. இரண்டும் சேர்ந்து 64, அடுத்த அடி சமம்.

காலப்பிரமாணம் நிமிடத்துக்கு 72 அட்சரம் என்றும், படம் நொடிக்கு 24 பிரேம் என்றும் வைத்துக்கொண்டால் அட்சரத்துக்கு 20 பிரேம், மாத்திரைக்குச் சரியாக 5 பிரேம். கோர்வை முழுவதும் 320 பிரேம், பதின்மூன்று நொடிக்குச் சற்று மேல்.

முதல் பகுதிக்குப் படம் எளிது. ஒரு மாத்திரைக்கு ஒரு சதுரம். ஏழு சதுரம் இடமிருந்து வலமாக ஒன்றொன்றாக வந்து ஒரு வரிசையாகிறது. அதன் கீழே ஆறு, பிறகு ஐந்து, நான்கு, மூன்று. வரிசைகள் முறையே 35, 30, 25, 20, 15 பிரேம்களில் முடியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அழகுக்காக எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில், உதாரணமாக 25 பிரேமில், வரைந்து முடித்தால் கண்ணுக்குக் குறுகும் வடிவம் கிடைக்கும், இசையிலுள்ள கோபுச்சம் கிடைக்காது. நீளமும் நேரமும் ஒரே விகிதத்தில் போக வேண்டும். பேனா எப்போதும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். அசைவூட்ட மென்பொருள்கள் தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைத் தானாகக் குழைத்துக் கொடுக்கும். பாத்திரம் நடக்கும் காட்சிக்கு அது நல்லது. இங்கே அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கடைசிச் சதுரம் சொல் விழுந்து முடிந்த பிறகு சோம்பலாக வந்துசேரும்.

இரண்டாம் பகுதிதான் விஷயமுள்ளது. ஒரே சொல் மூன்று தடவை என்பதால் மூன்று பக்கமுள்ள சம முக்கோணம். ஒவ்வொரு பக்கத்துக்கும் 13 அலகு. முதல் எட்டு ஒரு நிறம், ததிங்கிணதொம் விழும் ஐந்து வேறு நிறம். முதல் பக்கம் 125ஆவது பிரேமில் தொடங்கி 190இல் முடிகிறது, இரண்டாவது 255இல், மூன்றாவது 320இல். முக்கோணம் மூடுகிற கணம்தான் சமம்.

மூலைகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். மாத்திரைக் கணக்கில் 25, 38, 51. அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்பதால் முதல் மூலை அட்சரம் தாண்டி ஒரு மாத்திரை தள்ளியிருக்கிறது, இரண்டாவது இரண்டு மாத்திரை தள்ளி, மூன்றாவது மூன்று மாத்திரை தள்ளி. நான்காவது மாத்திரைத் தள்ளல் வரும்போது அது அடுத்த அட்சரமாகிவிடுகிறது. அதுவே 64, அதுவே சமம். தாளம் போடும் கையிலிருந்து சொல் படிப்படியாக நழுவிப்போய்க் கடைசியில் சேர்ந்துகொள்கிறது. கச்சேரியில் நம்மை நிமிர்ந்து உட்காரவைப்பது இந்த நழுவல்தான்.

முக்கோணத்தை மட்டும் காட்டினால் இது எதுவும் தெரியாது. மூன்று பக்கமும் ஒரே அளவில் அமைதியாக வரைந்து முடியும், சமச்சீரான ஒரு உருவம் மிஞ்சும். நழுவல் தெரிய வேண்டுமானால் எதிலிருந்து நழுவுகிறது என்பதும் திரையில் இருக்க வேண்டும். ஆகவே ஓரத்தில் தாளத்துக்கென்று எட்டுப் புள்ளிகள். 20 பிரேமுக்கு ஒன்றாக அவை ஒளிரும், கோர்வை என்ன செய்தாலும் அசையாது. மூலை திரும்பும் கணமும் புள்ளி ஒளிரும் கணமும் விலகிவிலகிப் போய், 320இல் ஒன்றாகும். இரண்டு அடுக்கு இல்லாமல் லயத்தைப் படமாக்க முடியாது என்பது என் துணிபு. இணையத்தில் பார்க்கக் கிடைக்கும் பெரும்பாலான கொன்னக்கோல் அசைவூட்டங்களில் குறைவது இந்த இரண்டாவது அடுக்குதான்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கீர்த்தனையின் எடுப்பு சமத்தில் இல்லாமல் ஒன்றரை அட்சரம் தள்ளியிருந்தால், கோர்வையும் பெரும்பாலும் அந்த எடுப்பில்தான் போய்ச் சேரும். அப்போது முக்கோணம் மூட வேண்டியது 320இல் அல்ல, 30 பிரேம் கழித்து. இதைக் கவனிக்காமல் செய்த படத்தில் உருவம் சமத்தில் முடிந்துவிட்டு, மிருதங்கம் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும். தாளம் தெரியாதவருக்குக்கூட ஏதோ சரியில்லை என்று படும்.

சதுஸ்ரத்தில் கணக்கு ஐந்தைந்தாக வந்ததால் வேலை சுலபமாயிற்று. கண்ட நடையிலும் சுலபம்தான். 20ஐ ஐந்தால் வகுத்தால் நான்கு. மிஸ்ரத்துக்கு வந்தால் 20ஐ ஏழால் வகுக்க வேண்டும்; 2.86 வருகிறது. பிரேமில் பின்னம் கிடையாது. மூன்று மூன்றாக வைத்துக்கொண்டு போனால் அட்சரத்துக்கு 21 பிரேம் ஆகிவிடும். ஒரு அட்சரத்தில் ஒரு பிரேம் தவறு கண்ணில் படாது. ஒரு ஆவர்த்தனம் முடியும்போது எட்டு பிரேம், அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு பின்தங்கியிருக்கும். செய்தவருக்கு எங்கே தவறு என்றே தெரியாது, ஏனென்றால் எந்த ஓர் இடத்தைப் பார்த்தாலும் சரியாகவே இருக்கும். இடைவெளியைச் சுற்றிக் கூட்டாமல், தொடக்கத்திலிருந்து இடத்தைக் கணக்கிட்டு அதைச் சுற்றினால் பிழை சேராது:

```
frame = round(start + n * 20 / 7)
```

இதன்படி இடைவெளிகள் 3, 3, 3, 2, 3, 3, 3 என்று விழும். நடுவில் ஒன்று மட்டும் குறுகியிருந்தாலும் எந்த அடியும் அரை பிரேமுக்குமேல், அதாவது சுமார் 21 மில்லி விநாடிக்குமேல், விலகாது. ஒலி படத்துக்கு முந்தினால் 45 மில்லி விநாடி வாக்கிலும், பிந்தினால் 125 மில்லி விநாடி வாக்கிலும்தான் பார்ப்பவர் கண்டுபிடிக்கிறார் என்பது ஒளிபரப்புத் துறையின் கணக்கு. படம் சற்று முந்துவதைக் கண் பொறுத்துக்கொள்ளும், பிந்துவதைப் பொறுக்காது. சந்தேகம் வந்தால் ஒரு பிரேம் முன்னே தள்ளிவைக்கலாம்.

இதுவரை சொன்னது காலப்பிரமாணம் கடிகாரம்போல் நின்றால்தான். உயிரோடிருக்கும் கச்சேரியில் அது கொஞ்சம் ஏறும், இறங்கும். பதிவை ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஓடவிட்டு, தாளம் போட்டுக்கொண்டே ஒவ்வொரு அட்சரத்திலும் ஒரு குறி வைத்துக்கொள்வதே இன்றும் நம்பத்தக்க வழி. தாளத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் மேற்கத்திய நான்கடி இசையை வைத்துப் பழகியவை. எடுப்பைச் சமம் என்று எடுத்துக்கொள்ளும், கண்டசாபுவில் திணறும். கர்நாடகத் தாளங்களுக்கென்றே இந்த வேலையைச் செய்த 'காம்ப்மியூசிக்' ஆய்வுத் திட்டத்தில் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு நம் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கெடுத்தது. அங்கேயும் சோதனைக்கான அடிப்படை, மனிதர் கேட்டு வைத்த சமக் குறிகளே.

வடிவத்தை அடுத்தது அடியின் குணம். மிருதங்கத்தின் வலந்தலையில் ஒட்டியிருக்கும் கரணையால் அதன் ஒலியில் சுருதிக்கு இணங்கிய மேல்நாதங்கள் பிறக்கின்றன, சி.வி. ராமன் 1920இல் எழுதியும் 1934இல் விரித்தும் விளக்கிய உண்மை இது. அதனால் எல்லா அடியும் ஒரே 'டொக்' அல்ல. மூடிய அடி உடனே நின்றுவிடும். நம், சாபு போன்றவை ரீங்கரித்துத் தேயும். தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் கும்கி சுருதியிலேயே வளையும். மூடிய அடிக்குரிய சதுரம் இரண்டு மூன்று பிரேமில் மறையட்டும். நம்முக்குரியது பதினைந்து இருபது பிரேம் மெல்ல மங்கட்டும். கும்கிக்கு ஒரு வட்டம் விரிந்து சுருங்கட்டும். வரும்போது எல்லாமே சட்டென்று வர வேண்டும், போகும் விதத்தில்தான் வேறுபாடு. எல்லாவற்றுக்கும் ஒரே மங்கலை வைத்தால் மிருதங்கம் மெட்ரோனோம் ஆகிவிடும்.

நிறத்தில் பலரும் ராகத்துக்கொரு நிறம் என்று தொடங்குகிறார்கள். மோகனத்துக்கு மஞ்சள், சுபபந்துவராளிக்குக் கருநீலம் என்பார்கள். அது அவரவர் ரசனை. கேட்பவர் அதைப் படத்திலிருந்து திரும்பப் படிக்க முடியாது. நிறத்தை அமைப்புக்குப் பயன்படுத்தினால் படிக்க முடியும். நம் கோர்வையில் ததிங்கிணதொம்முக்கு மட்டும் ஒரு நிறம் கொடுத்தோம். இரண்டாவது தடவை அந்த நிறம் வந்ததும் கண் மூன்றாவதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது, காது செய்வதுபோலவே. இரண்டு நிறமும் தாளப் புள்ளிக்கு வெள்ளையும் போதும்.

நிறத்தைவிட வெளிச்சம் முக்கியம். அசைவைக் கண் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டால்தான் அறிகிறது. பின்னணியோடு சம வெளிச்சமுள்ள நிறத்தில் ஒன்று நகர்ந்தால் உள்ளபடி நகர்வதைவிட மெதுவாகத் தெரியும் என்பது பார்வை ஆய்வுகளில் நிரூபணமானது. தாளப் படத்தில் இது விபரீதம்: கணக்கு சரியாயிருந்தும் படம் பின்தங்கியதாகப் படும். படத்தை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். உருவம் பின்னணியில் கரைந்தால் நிறத்தை மாற்றுங்கள். இன்னொன்று, எல்.இ.டி. சுவருக்குச் செய்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. நிமிடத்துக்கு 72 அட்சரமென்றால் மாத்திரைகள் நொடிக்கு 4.8. மாத்திரைக்கொரு தடவை முழுத் திரையையும் வெட்டி வெட்டி ஒளிரவிட்டால், நொடிக்கு மூன்று என்ற பாதுகாப்பு வரம்பைத் தாண்டிவிடும். வெளிச்சத்தால் வலிப்பு வரக்கூடியவர்கள் அரங்கில் இருக்கலாம். மாத்திரைகள் சிறு சதுரங்களாகவே இருக்கட்டும், முழுத் திரையும் மாறுவது சமத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

செய்து முடித்ததைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒலியை நிறுத்திவிட்டு, தாளம் தெரிந்த ஒருவரைத் திரையை மட்டும் பார்த்துக் கைபோடச் சொல்லுங்கள்; சமம் எது என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். பிறகு அதே ஆதி தாளத்தில், அதே வேகத்தில் வேறொரு கோர்வையின் ஒலியை அந்தப் படத்தோடு ஓட்டுங்கள். அதுவும் பொருத்தமாக இருப்பதுபோலத் தோன்றினால், நீங்கள் செய்தது கோயில் வாசல் சீரியல் செட். பாட்டுக்கு அதில் இடமில்லை. ஒட்டாமல் உறுத்தினால் படம் தன் இசையைக் கேட்டிருக்கிறது.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஆலாபனையிலும் விருத்தத்திலும் எண்ண ஒன்றுமில்லை. அங்கே சதுரமும் முக்கோணமும் உதவாது. கமகத்தின் வளைவைச் சுருதிக் கோடாக எடுத்து வேறு வழியில்தான் தொடங்க வேண்டும். புதிதாகச் செய்ய வருகிறவர்கள் தனி ஆவர்த்தனத்திலிருந்து ஆரம்பியுங்கள். அதிலும் முதலில் கோர்வையைக் கையால் போட்டு, வாயால் சொல்லிப் பழகிவிட்டு, அப்புறம் கணினியைத் திறங்கள்.